பூ மழை பிந்தினால் மூட்டை எப்போது வரும்?

கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் உள்ள சிறு காப்பி விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் ஒரு ரோஸ்டருக்கு, பிப்ரவரி 28-க்குள் 60 கிலோ மூட்டையாக 50 மூட்டை, அதாவது மூன்று டன் அராபிகா பச்சைக்கொட்டை தருவதாக ஒப்பந்தம். டிசம்பர் நடுவில் சங்கத்திலிருந்து அவருக்கு இப்படி ஒரு கடிதம் போகிறது:

"ஐயா, வணக்கம். இந்த ஆண்டு பூ மழை மார்ச் நடுவில் வரவில்லை. ஏப்ரல் 12-ஆம் தேதிதான் 1 அங்குலம் 20 சென்ட் பெய்தது. பூ ஏப்ரல் 21-இல் விரிந்தது. அதனால் பழம் பறிப்பு ஜனவரி முதல் வாரம்தான் தொடங்கும். முழுச் சரக்கையும் மார்ச் 31-க்குள் தருகிறோம். விருப்பமானால் 16 மூட்டையை மார்ச் 7-இலேயே அனுப்புகிறோம். காய்ச்சலைக் குறைத்தோ, காய் கலந்தோ பழைய தேதியைக் காப்பாற்ற எங்களுக்கு விருப்பமில்லை."

கடிதமும் தேதிகளும் நான் கட்டியவை. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் செடியின் உடலியலோ, களத்தின் கணக்கோ இருக்கிறது. அதைத் தெரிந்தவர் படித்தால், இது சாக்கா நிஜமா என்று போனை எடுக்காமலே சொல்லிவிடலாம்.

முதலில் அந்த "1 அங்குலம் 20 சென்ட்". தோட்டக்காரர்கள் இன்றும் மழையை அங்குலத்திலும் சென்டிலும்தான் பேசுகிறார்கள். நூறு சென்ட் ஒரு அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் இது சுமார் 30. பூ மழைக்கு இது நல்ல அளவு. 20 முதல் 40 மில்லிமீட்டர் வரை ஒரே மூச்சில் கிடைத்தால் அராபிகா மொட்டு ஒழுங்காக விரியும். ஐந்து, எட்டு என்று தூறிவிட்டுப் போனால் மொட்டு உப்பும், பாதியில் நின்றுவிடும், இளஞ்சிவப்பேறிக் கருகும். அந்தக் கிளையில் அந்த ஆண்டுக்குக் காய் இல்லை.

மழை வந்தால் பூக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் காய்ச்சல் வேண்டும் என்பதுதான் காப்பியின் விசித்திரம். இலைக் கக்கத்தில் மொட்டுகள் உருவாகி, சில மில்லிமீட்டர் நீளம் வந்ததும் அப்படியே உறங்கிவிடுகின்றன. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் செடிக்குள் நீர் இழுவிசை கூடுகிறது. அந்தத் தாகத்தை அனுபவித்த மொட்டுக்குத் திடீரென்று தண்ணீர் கிடைத்தால்தான் உறக்கம் கலையும். பிரேசில் நாட்டுத் தாவர உடலியல் அறிஞர் பவுலோ அல்விம் 1960-இல் 'சயன்ஸ்' இதழில் இதை எழுதினார். விடாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகளின் மொட்டு உறங்கியே கிடந்தது. வாடவிட்டுப் பிறகு ஊற்றிய செடிகள் பூத்தன. ஆக, செடியைச் செல்லமாக வளர்த்தால் பூ கிடைக்காது. நல்ல வறட்சி, அதன் மேல் நல்ல மழை, இரண்டும் அந்த வரிசையில் வர வேண்டும்.

மழை விழுந்து எட்டு முதல் பத்து நாளில் பூ விரியும். ஏப்ரல் 12 மழைக்கு ஏப்ரல் 21 பூ என்பது பொருந்துகிறது. கடிதத்தில் மழைத் தேதியும் பூத் தேதியும் இரண்டுமே இருப்பதால்தான் நான் அதை நம்புகிறேன். பொய் சொல்பவர்கள் பொதுவாக ஒரு தேதியோடு நிறுத்திக்கொள்வார்கள். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். மலை முழுக்க மல்லிகை மணக்கும், பிறகு பழுப்பாகி உதிரும். அராபிகா தன் மகரந்தத்தாலேயே கருத்தரித்துக்கொள்ளும். ரொபஸ்டாவுக்கு அடுத்த செடியின் மகரந்தம் வேண்டும், எனவே அந்த நாட்களில் காற்றும் தேனீயும் இல்லாவிட்டால் அதன் கதை வேறு.

தண்ணீர் பாய்ச்சிச் சரியான நாளில் பூக்க வைக்கக்கூடாதா என்று ரோஸ்டர் கேட்கலாம். குடகில் ரொபஸ்டா தோட்டங்களில் தெளிப்பான் வைத்து அதைத்தான் செய்கிறார்கள். சரிவில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் கீழ்ப் பழனி விவசாயிக்கு மார்ச் மாதத்தில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு ஏக்கருக்கு 30 மில்லிமீட்டர் என்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டருக்கு மேல். மானத்தைப் பார்ப்பதுதான் வழி.

பூவிலிருந்து பழத்துக்கு அராபிகா எட்டு, ஒன்பது மாதம் எடுத்துக்கொள்ளும். இந்த நீளம்தான் காப்பி வியாபாரத்தில் பலருக்குப் பிடிபடாத விஷயம். முதல் ஆறு, எட்டு வாரம் பிஞ்சு ஊசித் தலையளவிலேயே நிற்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. பிறகு மழையோடு காய் மளமளவென்று பருக்கும். அந்தச் சமயத்தில் கிடைக்கும் தண்ணீர்தான் கொட்டை எவ்வளவு பெரிதாகலாம் என்பதை முடிவு செய்கிறது, ஏனென்றால் கொட்டையைச் சுற்றிய பார்ச்மென்ட் ஓடு அப்போதே கெட்டிப்பட்டுவிடும்; பின்னால் எவ்வளவு தீனி போட்டாலும் அந்த அறை பெரிதாகாது. அதன் பிறகு கொட்டை உள்ளே நிரம்பும். கடைசி ஓரிரு மாதத்தில்தான் தோலின் பச்சை மங்கி, மஞ்சளாகி, சிவக்கும்.

ஏப்ரல் 21 பூவுக்கு எட்டரை மாதம் கூட்டினால் ஜனவரி 6. வழக்கமான ஆண்டில் மார்ச் 24 வாக்கில் பூ, டிசம்பர் முதல் பாதியில் பழம். 28 நாள் தாமதம். ஆனால் காப்பிப் பழம் நாள்காட்டியைப் பார்த்துப் பழுப்பதில்லை, வெப்பத்தைச் சேர்த்துப் பழுக்கிறது. சங்கத்தின் தோட்டங்கள் ஒன்று ஆயிரம் மீட்டரிலும் இன்னொன்று 1,400 மீட்டரிலும் இருக்கலாம். மேட்டில் குளிர் அதிகம், அங்கே இரண்டு மூன்று வாரம் பின்தங்கும். அதனால் எட்டரை மாதம் என்பது உத்தேசம்தான். சரியான தேதியைச் சொல்ல டிசம்பரில் தோட்டத்துக்குள் இறங்கி, அடையாளம் கட்டிவைத்த கிளைகளில் எத்தனை காய் மஞ்சளாகியிருக்கிறது என்று எண்ண வேண்டும். கடிதம் அக்டோபரில் எழுதப்படாமல் டிசம்பர் நடுவில் எழுதப்பட்டதற்குக் காரணம் அதுவாக இருந்தால், அதை நான் மெத்தனம் என்று சொல்லமாட்டேன். தாமதம் வரும் என்று மே மாதமே ஒரு வரி எழுதியிருக்கலாம், அது வேறு.

பிந்திய பூவில் இன்னொரு தொல்லை, அது ஒரே தடவையில் முடிவதில்லை. ஏப்ரல் 12 மழைக்கு விரியாத மொட்டு அடுத்த மழைக்கு விரியும், அதற்கும் விரியாதது அதற்கடுத்ததற்கு. ஒரே கிளையில் சிவந்த பழம், மஞ்சள் காய், பச்சைக் காய் என்று மூன்றும் தொங்கும். பறிக்கிறவர் சிவந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வேண்டும். நம் கணக்கில் மூன்று சுற்று. அவசரம் என்றால் கிளையை ஒரே உருவாக உருவிவிடலாம். பழைய தேதிக்கே சரக்கும் போய்விடும். அந்தச் சரக்கை வறுக்கும்போது ரோஸ்டருக்கு விஷயம் தெரியவரும். காயிலிருந்து வந்த கொட்டையில் சர்க்கரை நிரம்பியிருக்காது, மற்றவை பழுப்பேறும்போது அது மட்டும் வெளிறி நிற்கும். அப்படி நாலு கொட்டை ஒரு டம்ளர் காப்பிக்குள் போனாலும் காய்ந்த கடலைத்தோல் சுவையும் துவர்ப்பும் நாக்கில் தட்டும். சிக்கரி கலந்த டிகாஷனில் ஒளித்துவிடலாம். தனித் தோட்டத்துக் காப்பி என்று பெயர் போட்டு விற்பவரால் முடியாது.

பறித்தாயிற்று. இனி களம். மார்ச் 31 என்ற தேதி உண்மையில் பிறக்கும் இடம் செடியல்ல, இந்தக் களம்தான்.

அராபிகா பழம் ஆறு கிலோ இருந்தால் ஒரு கிலோ பச்சைக்கொட்டை கிடைக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. மூன்று டன்னுக்கு 18 டன் பழம். பறித்த அன்றே பல்ப்பரில் தோல் நீக்கி, தொட்டியில் போட்டு, 24 முதல் 36 மணி நேரம் நொதிக்க விடுகிறார்கள். ஜனவரிக் குளிரில் இது 36-ஐ ஒட்டியே போகும். கடிகாரத்தை நம்பாமல் கையை நம்ப வேண்டிய இடம் இது. தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி கொட்டையை எடுத்து, கழுவி, உள்ளங்கையில் தேய்ப்பார்கள். வழுவழுவென்று நழுவினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல்லைத் தேய்ப்பது போலக் கரகரவென்று பிடித்தால் உடனே கழுவ வேண்டும். விட்டுவிட்டால் புளிப்பு உள்ளே இறங்கும். அதை எந்த வறுவலும் எடுக்காது.

கழுவிய பார்ச்மென்டில் பாதிக்கு மேல் தண்ணீர், ஏறத்தாழ 53 சதவீதம். அதை 11 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நம் சரக்குக்கு எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று பார்ப்போம். மூன்று டன் பச்சைக்கொட்டைக்குக் காய்ந்த பார்ச்மென்ட் சுமார் 3,750 கிலோ வேண்டும், மேலோடு ஐந்தில் ஒரு பங்கு கழியும். அதில் 11 சதவீதம் ஈரம் போக உலர்பொருள் 3,340 கிலோ. இதே உலர்பொருள் ஈரமாக இருந்தபோது, அதாவது மொத்த எடையில் 47 சதவீதமாக இருந்தபோது, மொத்த எடை 7,100 கிலோ. இரண்டுக்கும் வித்தியாசம் 3,350 கிலோ. மூன்றே கால் டன்னுக்கு மேல் தண்ணீரை வெயில் மட்டுமே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஈரப் பார்ச்மென்டை நாலு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்பினால் அடியில் புழுங்கும். அந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 27 கிலோ அளவு நிற்கும். சங்கத்தின் சிமென்ட் களம் 100 சதுர மீட்டர் என்று வையுங்கள்: ஒரு சமயத்தில் 2,700 கிலோ. 7,100 கிலோவை மூன்று தடவையாகத்தான் காயவைக்க முடியும். ஒரு தடவைக்கு நல்ல வெயிலில் எட்டு முதல் பத்து நாள். முதல் சுற்று ஜனவரி 6-இல் பறித்து 19-க்குள் களத்தை விட்டு எழும், அடுத்தது 30-க்குள், மூன்றாவது பிப்ரவரி 10. பறிப்புச் சுற்றுக்கும் களத்துக்கும் இங்கே இடைவெளி அழகாகப் பொருந்துகிறது. பழம் மொத்தமாக ஒரே வாரத்தில் சிவந்திருந்தால்தான் சங்கம் திண்டாடியிருக்கும்.

மழையின் விஷயத்தில் தாமதம் ஒரு சலுகையும் செய்கிறது. வழக்கமான ஆண்டில் டிசம்பர்ப் பறிப்பு வடகிழக்குப் பருவமழையின் வாலில் மாட்டிக்கொள்ளும். பத்து நாள் காய்ச்சல் பதினைந்தாகும், தார்ப்பாய் போட்டு எடுத்துப் போட்டு எடுத்தே ஆட்கள் ஓய்ந்துபோவார்கள். ஜனவரி கீழ்ப் பழனியில் காலையில் பனி மூட்டம், பகலில் நல்ல வெயில். வழக்கமான தேதியில் மழைக்கென்று விட்டுவைக்கும் நாலைந்து நாள் இங்கே மிச்சமாகிறது, குளிரில் பழுப்பு மெதுவாவதால் அதையும் அதற்கு மேல் சற்றும் இழக்க நேரிடுகிறது. அதனால்தான் 28 நாள் தாமதம் கடைசியில் 31 நாளாக மட்டும் நிற்கிறது.

வெயில் நல்லது என்பதற்காக முழு வெயிலும் நல்லதல்ல. முதல் நாள் ஈரத்தோடு உச்சி வெயிலில் போட்டால் பார்ச்மென்ட் ஓடு வெடிக்கும், கொட்டை வெளியே தெரியும். எனவே மணிக்கொரு தடவை கிளறி, உச்சியில் சற்று மூடி, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போடுகிறார்கள். பாதி காய்ந்தது ஒரு தடவை நனைந்தால் கொட்டை வெளுத்துத் திட்டுத் திட்டாகும். மேலே காய்ந்தது போலிருந்து உள்ளே ஈரம் நிற்கும். காய்ச்சல் முடிந்ததா என்று ஈரமானி சொல்லும். அது இல்லாத இடத்தில் ஓட்டை உடைத்துக் கொட்டையைப் பல்லில் கடிப்பார்கள். பல் பதியாமல் நிற்க வேண்டும், நிறம் வெளிர் வெள்ளையிலிருந்து நீலம் கலந்த பச்சைக்கு வந்திருக்க வேண்டும்.

பத்து நாளுக்குப் பதில் ஆறு நாளில் 13 சதவீதத்தோடு அள்ளிவிட்டால் பிப்ரவரிக் கெடுவை எட்டிப்பிடிக்கலாமே? சிலர் செய்கிறார்கள். ரோஸ்டருக்கு இரண்டு நஷ்டம். ஒன்று கண்ணுக்குத் தெரிவது: 13 சதவீத ஈரத்தில் மூன்று டன் வாங்கினால், 11 சதவீதக் கணக்கோடு பார்க்கும்போது கிட்டத்தட்ட 67 கிலோ தண்ணீரைக் காப்பி விலைக்கு வாங்குகிறார். இன்னொன்று மூட்டைக்குள் நடப்பது. சர்வதேசக் காப்பி அமைப்பின் தர வரையறை 12.5 சதவீத ஈரத்தை உச்சமாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் போகப் போகப் பூஞ்சைக்கு வேண்டிய தண்ணீர் கொட்டைக்குள் கிடைக்கும். அஸ்பெர்ஜில்லஸ் இனப் பூஞ்சைகளில் சில ஆக்ரடாக்சின்-ஏ என்ற நச்சைச் சுரப்பவை, சிறுநீரகத்தைக் கெடுப்பது. வறுவலில் அதில் ஒரு பகுதி அழியும், மிச்சம் டம்ளர் வரை வரும். வறுத்த காப்பியில் இது கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே வைத்திருக்கிறது.

இப்படி ஒரு விவசாயச் சங்கம் ரோஸ்டருக்கு நேராகக் கடிதம் எழுதுவதே நம் நாட்டில் பழைய வழக்கமல்ல. பல பத்தாண்டுகள் விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. யார் தோட்டத்துக் கொட்டை யார் கடைக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. 1990-களின் தொடக்கத்திலிருந்து அந்த முறை தளர்ந்து, 1996-இல் எல்லா விவசாயிகளுக்கும் தாமே விற்கும் உரிமை வந்தது. தாமதத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் அப்போதுதான் அவர்கள் தலையில் வந்து உட்கார்ந்தது.

பிப்ரவரி 10-இல் காய்ச்சல் முடிந்தும் ஏன் மார்ச் கடைசி? இங்கேதான் ரோஸ்டருக்குப் பொறுமை தளரும். காய்ந்த பார்ச்மென்டை ஓட்டோடு ஒரு மாதமாவது கிடங்கில் கிடத்த வேண்டும். களத்தில் வெளிப்பக்கம் முதலில் காயும், நடுவில் ஈரம் தங்கும். ஓட்டுக்குள் இருக்கும்போது அது மெல்லப் பரவிச் சமப்படும். இதைத் தாண்டிக் குதித்தால் வறுக்கும்போது ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாது, பசும்புல் வாடையும் அடிக்கும். மார்ச் 12 வரை கிடத்தல். பிறகு பட்டிவீரன்பட்டி போன்ற அடிவார ஊர் கியூரிங் ஆலையில் ஓடு நீக்கி, சல்லடையில் தரம் பிரித்து, குறைக் கொட்டை பொறுக்கப் பத்து நாள். மாதிரி அனுப்பி ஒப்புதல் வாங்க, லாரி ஏற்ற ஐந்து நாள். மார்ச் 27. நாலு நாள் கையிருப்பு வைத்து 31.

16 மூட்டையை முன்கூட்டித் தருகிறோம் என்பதும் இதே கணக்குதான். முதல் சுற்று ஜனவரி 19-இல் காய்ந்தது. பிப்ரவரி 18 வரை கிடத்தல், மாத இறுதியில் ஆலை, மார்ச் 7-இல் கடை. ரோஸ்டருக்கு இது உதவிதான், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் சுற்றுப் பழம் பெரும்பாலும் தாழ்ந்த தோட்டங்களிலிருந்து வருவது, கடைசிச் சுற்று மேட்டிலிருந்து. குளிரில் மெதுவாகப் பழுத்த மேட்டுக் கொட்டை பொதுவாக அடர்த்தியாக, கூடுதல் அமிலச் சுவையோடு இருக்கும். முதல் 16 மூட்டைக்கு வைத்த வறுவல் கணக்கை அடுத்த 34-க்கு அப்படியே வைத்தால் சுவை மாறும். மூன்று சுற்றும் கலந்த ஒரே சரக்கு வேண்டுமென்றால் மார்ச் 31 வரை காத்திருப்பதே மேல்.

தோட்டத்துக்கும் தாமதத்தால் ஒரு செலவு உண்டு, கடிதம் அதைச் சொல்லவில்லை. பிப்ரவரி வரை செடியிலும் தரையிலும் பழம் கிடந்தால் காய்த் துளைப்பான் வண்டுக்கு அது தங்குமிடம். 1990-இல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்த வண்டு, விட்டுப்போன பழத்துக்குள்ளேயே அடுத்த பருவம் வரை காலம் தள்ளும். மிச்சம் மீதி உருவி, கீழே விழுந்ததைப் பொறுக்கித் தீர்ப்பதற்குள் அடுத்த பூ மழையே வந்துவிடலாம். பூத்த செடிக்குள் ஆள் புகுந்து பழம் பறித்தால் பூ உதிரும்.

நான் ரோஸ்டராக இருந்தால் பதிலில் மூன்று விஷயம் மட்டும் கேட்பேன்: மார்ச், ஏப்ரல் மாதங்களின் மழைப் பதிவேட்டுப் பக்கத்தின் படம், ஒவ்வொரு சுற்றும் களத்தை விட்டு எழுந்த நாளில் எடுத்த ஈர அளவு, சுற்றுவாரியாகத் தனித்தனியே கால் கிலோ மாதிரி. விலைக் குறைப்பைக் கேட்கமாட்டேன், ஈரம் 12-ஐத் தாண்டாத வரை. பிப்ரவரி 11-ஆம் தேதி வரும் ஈர அளவு 12-க்கு மேல் இருந்தால், மூட்டையைக் கட்டாமல் திரும்பவும் களத்தில் போடச் சொல்லி, மார்ச் 31-ஐ ஏப்ரல் 7 என்று நானே திருத்தி எழுதி அனுப்பிவிடுவேன்.